14.6 சதவீதம் யாருடையது?

பரஸ்பர நிதி நிறுவனங்கள் மாதந்தோறும் ஃபேக்ட்ஷீட் எனப்படும் தகவல் தாளை வெளியிடுகின்றன. ஒவ்வொரு திட்டத்திற்கும் பெரும்பாலும் ஒரு பக்கம் ஒதுக்கப்படுகிறது. கடந்த கால வருவாய், கைவசமுள்ள பங்குகளின் பட்டியல், இடர் அளவீடுகள், நிதி மேலாளரைப் பற்றிய குறிப்பு ஆகிய நான்கும் அதில் தனித்தனிக் கட்டங்களில் இடம்பெறுகின்றன. முதலீட்டாளர்களுள் பலரும் ஐந்தாண்டு வருவாய் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அது பக்கத்துத் திட்டத்தின் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால், மனநிறைவுடன் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

அந்த நான்கு கட்டங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. அச்சிடப்பட்ட வருவாய் எந்த ஆண்டுகளில் ஈட்டப்பட்டது, எத்தகைய பங்குகளால் ஈட்டப்பட்டது, ஈட்டியவர் இன்றும் பொறுப்பில் இருக்கிறாரா என்ற மூன்று வினாக்களுக்கு அவை சேர்ந்துதான் விடை தருகின்றன. விடை சாதகமாக இல்லாவிட்டால், நாம் பார்க்கும் பெரிய எண் வேறொருவர் வேறொரு காலத்தில் வேறு பங்குகளைக் கொண்டு ஈட்டியதாகவே இருக்கும். அதை நம்பிப் பணம் போடுபவருக்கு அந்த வருவாயில் ஒரு பைசாவும் சேராது.

முடிவு நாளின் ஆதிக்கம்

தகவல் தாளில் ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என வரிசையாக வருவாய் விகிதங்கள் இருக்கும். இவை மூன்று தனித்தனிச் சான்றுகள் போலத் தோன்றுகின்றன. உண்மையில் மூன்றும் ஒரே நாளில் முடிகின்றன. கடைசி ஓராண்டு மூன்றாண்டுக்குள்ளும் அடங்கியிருக்கிறது, ஐந்தாண்டுக்குள்ளும் அடங்கியிருக்கிறது. ஆகவே அந்த ஓராண்டு மிகச் சிறப்பாக அமைந்துவிட்டால் மூன்று எண்களும் ஒருசேர உயர்கின்றன. மோசமாக அமைந்தால் ஒருசேரத் தாழ்கின்றன.

இதற்கு நம் சந்தையிலேயே தெளிவான சான்று உண்டு. நிஃப்டி 50 குறியீடு 2015 மார்ச் இறுதியில் 8,491 புள்ளிகளாக இருந்தது. கொரோனா அச்சம் சந்தையை உலுக்கிய 2020 மார்ச் இறுதியில் அது 8,598 புள்ளிகளில் முடிந்தது. ஈவுத்தொகையைச் சேர்க்காமல் பார்த்தால், அந்த ஐந்தாண்டு வருவாய் ஆண்டுக்குக் கால் சதவீதம் மட்டுமே. சேமிப்புக் கணக்கே மேல் என்று அன்று பலர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

சரியாக ஓராண்டு கழித்து, 2021 மார்ச் இறுதியில், அதே குறியீடு 14,691 புள்ளிகளைத் தொட்டிருந்தது. அன்றைய ஐந்தாண்டுக் கணக்கு 2016 மார்ச்சில் இருந்த 7,738 புள்ளிகளிலிருந்து தொடங்குகிறது. வருவாய் ஆண்டுக்கு 13.7 சதவீதம்! இரண்டு கணக்குகளிலும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் பொதுவானவை. 2020இன் சரிவும் இரண்டிலும் உண்டு. மாறியது ஒன்றே: சுமார் 9 சதவீதம் சரிந்த ஓராண்டு பின்னால் கழன்று விழுந்தது, சுமார் 71 சதவீதம் ஏறிய ஓராண்டு முன்னால் வந்து சேர்ந்தது. கால் சதவீதத்தைப் பார்த்து அஞ்சியவரும் 13.7 சதவீதத்தைப் பார்த்து மகிழ்ந்தவரும் பார்த்தது ஏறக்குறைய ஒரே வரலாற்றைத்தான்.

எனவே வருவாய் எண்ணைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. அதே காலத்தில் ஒப்பீட்டுக் குறியீடு எவ்வளவு ஈட்டியது என்பதை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு ஒப்பிடுவது இன்று முன்னைவிட நேர்மையாகவும் இருக்கிறது. 2018 பிப்ரவரி முதல், ஈவுத்தொகையையும் சேர்த்துக் கணக்கிடும் மொத்த வருவாய்க் குறியீட்டுடனேயே திட்டங்கள் தம்மை ஒப்பிட வேண்டும் என்று செபி விதித்துள்ளது. அதற்கு முன்பு, திட்டம் தான் பெற்ற ஈவுத்தொகையைத் தன் வருவாயில் சேர்த்துக்கொண்டு, ஈவுத்தொகை சேராத குறியீட்டுடன் போட்டியிட முடிந்தது.

ஆயினும் குறியீட்டை வென்றதா என்று பார்ப்பது மட்டும் போதாது. எந்த ஆண்டுகளில் வென்றது என்பதையும் அறிய வேண்டும். அதற்கான எளிய வழி தகவல் தாளுக்குள்ளேயே இருக்கிறது.

பத்தாயிரம் ரூபாய்ப் பத்தி

வருவாய் அட்டவணையில் சதவீதங்களுக்கு அருகே இன்னொரு பத்தி இருக்கும். முதலீடு செய்த 10,000 ரூபாய் இன்று எவ்வளவாக வளர்ந்திருக்கிறது என்பதை அது காட்டும். சதவீதம் தெரிந்த பிறகு இது எதற்கு என்று எண்ணிப் பலரும் இதைத் தாண்டிச் செல்கிறார்கள். என் கருத்தில், அந்த அட்டவணையில் மிகவும் பயன்தருவது இந்தப் பத்திதான்.

கணக்கிட எளிதாக, கற்பனையாக ஒரு ஃப்ளெக்சிகேப் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஐந்தாண்டு வருவாய் ஆண்டுக்கு 14.6 சதவீதம், ஒப்பீட்டுக் குறியீட்டின் வருவாய் 12.6 சதவீதம். ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் இரண்டு சதவீதப் புள்ளிகள் கூடுதல் என்பது நல்ல சாதனையாகவே தோன்றும். இனி, 10,000 ரூபாய்ப் பத்தியைப் பார்ப்போம்.

ஓராண்டு: திட்டத்தில் 11,100 ரூபாய், குறியீட்டில் 11,300 ரூபாய்.

மூன்றாண்டு: திட்டத்தில் 12,583 ரூபாய், குறியீட்டில் 13,542 ரூபாய்.

ஐந்தாண்டு: திட்டத்தில் 19,740 ரூபாய், குறியீட்டில் 18,135 ரூபாய்.

ஐந்தாண்டுத் தொகையை மூன்றாண்டுத் தொகையால் வகுத்தால், முதல் இரண்டு ஆண்டுகளின் வளர்ச்சி மட்டும் தனியே கிடைக்கும். 19,740ஐ 12,583ஆல் வகுக்க 1.569 வருகிறது. அதாவது முதல் இரண்டு ஆண்டுகளில் திட்டம் 56.9 சதவீதம் வளர்ந்திருக்கிறது. குறியீட்டிற்கும் அவ்வாறே வகுத்தால் 33.9 சதவீதம் கிடைக்கிறது. அடுத்து, மூன்றாண்டுத் தொகையை ஓராண்டுத் தொகையால் வகுத்தால் நடுவில் உள்ள இரண்டு ஆண்டுகள் பிரிந்து வருகின்றன. திட்டம் 13.4 சதவீதம், குறியீடு 19.8 சதவீதம். கடைசி ஓராண்டு அட்டவணையிலேயே இருக்கிறது. திட்டம் 11 சதவீதம்; குறியீடு 13 சதவீதம்.

ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்த மூன்று காலங்கள், இரண்டு வகுத்தல்களில் மூன்று தனிக் காலங்களாகப் பிரிந்துவிட்டன. இப்போது காண்பது வேறொரு சித்திரம். ஐந்தாண்டுச் சாதனை முழுவதும் முதல் இரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்தது. அதன்பின் மூன்றாண்டுகளாகத் திட்டம் குறியீட்டிற்குப் பின்தங்கியே வருகிறது. 14.6 சதவீதம் என்பது பொய்யன்று; ஆனால் அது பழைய செய்தி.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். முதல் இரண்டு ஆண்டுகளின் பாய்ச்சலைப் பார்த்துவிட்டு, மூன்றாண்டுகளுக்கு முன் ஒருவர் தம் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து 10 லட்சம் ரூபாயை இத்திட்டத்தில் போட்டிருந்தால், இன்று அவரிடம் ஏறத்தாழ 12.58 லட்சம் ரூபாய் இருக்கும். குறியீட்டின் வழியே அது சுமார் 13.54 லட்சம் ரூபாயாகியிருக்கும். குறியீட்டு நிதியின் சிறு செலவைக் கழித்தாலும், வேறுபாடு ஒரு லட்சம் ரூபாயை நெருங்குகிறது. ஆனால் அவர் கையில் இன்று வந்து சேரும் தகவல் தாளோ, தம் திட்டம் ஐந்தாண்டுகளில் குறியீட்டை வென்றது என்றே சொல்லும். அந்த வெற்றி அவர் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

மேலாளர் பொறுப்பேற்ற தேதி

மூன்றாண்டுகளுக்கு முன் என்ன மாறியது? இதற்கு விடை தேட மேலாளர் கட்டத்திற்குச் செல்ல வேண்டும். பெயருக்கு அருகே, இத்திட்டத்தை எப்போதிலிருந்து நிர்வகிக்கிறார் என்ற தேதி இருக்கும். மொத்த அனுபவம் 18 ஆண்டுகள், 22 ஆண்டுகள் என்றும் எழுதியிருப்பார்கள். நமக்கு முதலில் வேண்டியது அந்த அனுபவக் கணக்கன்று. இத்திட்டத்தில் அவர் பொறுப்பேற்ற தேதி. நம் கற்பனைத் திட்டத்தின் மேலாளர் 2 ஆண்டு 8 மாதங்களாகப் பொறுப்பில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பாய்ச்சல் நிகழ்ந்த அந்த இரண்டு ஆண்டுகளும் அவருக்கு முந்தியவரின் கணக்கில் சேர்பவை. இன்றைய மேலாளரின் கணக்கில் வருவது, ஏறக்குறைய, பின்தங்கிய காலம் மட்டுமே.

சில திட்டங்களில் இரண்டு, மூன்று பெயர்கள் இருக்கும். அவற்றுள் ஒருவர் வெளிநாட்டுப் பங்குகளை மட்டும் கவனிப்பவராகவோ, இன்னொருவர் கடன் பத்திரங்களை மட்டும் கவனிப்பவராகவோ இருக்கலாம். உள்நாட்டுப் பங்குகளுக்குப் பொறுப்பானவரின் தேதியையே நாம் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பிரிவை நெடுங்காலமாகக் கவனித்து வருபவரின் பழைய தேதியைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது.

மேலாளரைப் பற்றி அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதும் முறையன்று. 2 ஆண்டு 8 மாதம் குறுகிய காலம். மலிவான விலையில் உள்ள பங்குகளைத் தேடிப் பிடிக்கும் பாணியுடையவர், வேகமாக வளரும் விலையுயர்ந்த பங்குகளைச் சந்தை கொண்டாடும் காலத்தில் பின்தங்குவது இயல்பே. எனவே அவர் நிர்வகிக்கும் பிற திட்டங்களையும் பார்க்க வேண்டும். ஒரு மேலாளர் நடத்தும் மற்றத் திட்டங்களின் வருவாயையும் வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. அவை ஆறுக்கு மேற்பட்டால், சிறந்த மூன்றையும் மிகவும் பின்தங்கிய மூன்றையும் காட்ட வேண்டும். இந்த அட்டவணை பெரும்பாலும் தகவல் தாளின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் இருக்கும்.

அதைப் படிக்கும்போதும் ஒரு கவனம் தேவை. ஒரே மேலாளரின் மூன்று திட்டங்கள் குறியீட்டை வென்றிருந்தால், அவற்றின் முதல் பத்துப் பங்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஏழெட்டுப் பங்குகள் பொதுவாக இருந்தால், நாம் காண்பது மூன்று வெற்றிகள் அல்ல. ஒரே வெற்றி மூன்று பெயர்களில் அச்சாகியிருக்கிறது. தோல்விக்கும் இது பொருந்தும்.

ஒரு மறுப்பு எழக்கூடும். இக்காலத்தில் நிதி நிறுவனங்கள் தனி மனிதரை நம்பி இயங்குவதில்லை. ஆராய்ச்சிக் குழுவும் வகுத்துவைத்த நடைமுறைகளும்தான் முடிவு செய்கின்றன. ஆகவே மேலாளர் மாறினாலும் திட்டம் மாறாது என்பார்கள். இது சில நிறுவனங்களில் உண்மையாக இருக்கலாம். இந்தக் கூற்றை நாமே சோதித்துப் பார்க்கவும் முடியும். நடைமுறைதான் திட்டத்தை நடத்துகிறது என்றால், மேலாளர் மாறிய பிறகும் பங்குகளின் இயல்பு ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். இருந்ததா என்பதைப் பட்டியல் சொல்லிவிடும்.

இரண்டு பட்டியல்கள்

பங்குப் பட்டியலை ஒரு மாதத்திற்கு மட்டும் பார்த்தால், பழகிய நிறுவனங்களின் பெயர்களைக் கண்ட மகிழ்ச்சியைத் தவிர வேறு பயன் அதிகம் இல்லை. இரண்டு பட்டியல்கள் வேண்டும்: ஒன்று இன்றையது, மற்றது, பெரும்பகுதி வருவாய் ஈட்டப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. பழைய தகவல் தாள்களைப் பல நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. திட்டத்தின் முழுப் பங்குப் பட்டியலையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆகவே தேடினால் கிடைக்கும்.

நம் கற்பனைத் திட்டத்தில், நான்காண்டுகளுக்கு முந்திய தாளில் நடுத்தர, சிறு நிறுவனப் பங்குகள் 55 சதவீதம் இருந்தன என்றும், இன்றைய தாளில் பெரு நிறுவனப் பங்குகள் 78 சதவீதம் இருக்கின்றன என்றும் கொள்வோம். சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ளவை பெரு நிறுவனங்கள்; 101 முதல் 250 வரை நடுத்தர நிறுவனங்கள்; 251க்குப் பிறகு வருபவை சிறு நிறுவனங்கள். இந்தப் பட்டியலை ஆம்ஃபி ஆறு மாதங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறது. லார்ஜ்கேப் திட்டம் என்றால் பெரு நிறுவனங்களில் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். மிட்கேப் திட்டம் என்றால் நடுத்தர நிறுவனங்களில் குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும். ஃப்ளெக்சிகேப் திட்டத்திற்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. மொத்தத்தில் 65 சதவீதம் பங்குகளில் இருந்தால் போதும், எந்த அளவு நிறுவனங்களிலும் இருக்கலாம். ஆகவே விதி எதையும் மீறாமல், பெயரும் மாறாமல், திட்டத்தின் உள்ளியல்பு முற்றிலும் மாறிவிட முடியும். நம் எடுத்துக்காட்டில் நடந்ததும் அதுவே. பாய்ச்சலைத் தந்தவை ஒரு வகைப் பங்குகள். இன்று திட்டத்தில் இருப்பவை வேறு வகைப் பங்குகள்.

இதை மேலாளரின் குற்றமாகவும் கருத வேண்டியதில்லை. பட்டியலுக்கு மேலே அச்சிடப்பட்டிருக்கும் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். அது திட்டம் நிர்வகிக்கும் மொத்தத் தொகை. நான்காண்டுகளுக்கு முன் 900 கோடி ரூபாயாக இருந்த தொகை, வருவாயைக் கண்டு பலரும் வந்து சேர்ந்ததால் இன்று 12,000 கோடி ரூபாயாகிவிட்டது என்று கொள்வோம். அன்று ஒரு பங்கில் 3 சதவீதம் வைக்க 27 கோடி ரூபாய் போதுமாக இருந்தது. இன்று அதே 3 சதவீதத்திற்கு 360 கோடி ரூபாய் வேண்டும். சந்தை மதிப்பு 4,000 கோடி ரூபாயாக உள்ள ஒரு சிறு நிறுவனத்தில் 360 கோடி ரூபாய்க்கு வாங்குவதென்றால், அந்நிறுவனத்தின் பங்குகளில் 9 சதவீதத்தை வாங்குவதாகும். ஒரு பரஸ்பர நிதி நிறுவனம் தன் எல்லாத் திட்டங்களையும் சேர்த்து, ஒரு நிறுவனத்தின் வாக்குரிமையுள்ள மூலதனத்தில் 10 சதவீதத்திற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. விதி ஒருபுறம் இருக்க, அவ்வளவு பங்குகளை விலை ஏறாமல் வாங்குவதும் விலை சரியாமல் விற்பதும் எளிதல்ல. பழைய வருவாயைத் தந்த வழியே, அந்த வருவாயால் ஈர்க்கப்பட்டு வந்த பணத்தால் அடைபட்டுவிடுகிறது. பொறுப்பில் இருப்பவர் யாராக இருந்தாலும் பெரு நிறுவனங்களை நோக்கியே நகர்ந்திருப்பார்.

இடர் எண்களின் காலம்

இனி, இடர் அளவீடுகள். ரிஸ்கோமீட்டர் எனப்படும் மானியில் 'குறைவு' முதல் 'மிக அதிகம்' வரை ஆறு நிலைகள் உள்ளன. பங்குத் திட்டங்கள் பெரும்பாலும் 'மிக அதிகம்' என்ற நிலையிலேயே நிற்கும். கடன் திட்டத்தையும் பங்குத் திட்டத்தையும் வேறுபடுத்திக் காட்ட அது உதவும். இரண்டு பங்குத் திட்டங்களுக்கு இடையே தேர்ந்தெடுக்க அதனால் உதவ முடியாது. அதற்குத்தான் திட்ட விலக்கமும் ஷார்ப் விகிதமும் தரப்படுகின்றன.

திட்ட விலக்கம் என்பது பள்ளிக் கணக்கில் நாம் படித்ததேதான். மாத வருவாய்கள் தம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி அலைகின்றன என்பதை அளந்து, ஆண்டுக் கணக்காக மாற்றித் தருகிறார்கள். நம் திட்டத்தின் இன்றைய தாளில் அது 12 சதவீதம், குறியீட்டிற்கு 12.5 சதவீதம் என்று கொள்வோம். படிப்பவர் இங்கே ஒரு முடிவுக்கு வரக்கூடும்: ஐந்தாண்டு வருவாய் குறியீட்டைவிட அதிகம், அலைச்சல் குறியீட்டைவிடக் குறைவு, இதைவிட வேறென்ன வேண்டும்?

கட்டத்தின் அடியில் உள்ள சிறு குறிப்பைப் படித்தால் அந்த முடிவு தகர்ந்துவிடும். இடர் அளவீடுகள் வழக்கமாகக் கடந்த மூன்றாண்டுகளின் மாத வருவாய்களைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன என்று அங்கே எழுதியிருக்கும். ஐந்தாண்டு வருவாயில் பழைய மேலாளரின் சிறு நிறுவனப் பங்குகளும் அவற்றின் பாய்ச்சலும் இருக்கின்றன. மூன்றாண்டு திட்ட விலக்கத்திலோ புதிய மேலாளரின் அமைதியான பெரு நிறுவனப் பங்குகள் மட்டுமே இருக்கின்றன. துணிச்சலான காலத்தின் வருவாயும் அமைதியான காலத்தின் இடரும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அச்சாகி, ஒரு காலத்திலும் இருந்திராத ஒரு திட்டத்தை நம் கண்முன் நிறுத்துகின்றன. மூன்றாண்டுகளுக்கு முந்திய தாளை எடுத்துப் பார்த்தால், அன்று இதே திட்டத்தின் விலக்கம் 21 சதவீதமாக, குறியீட்டின் 16 சதவீதத்தை வெகுவாக விஞ்சி இருந்திருக்கக்கூடும். அன்றைய வருவாய்க்கு உரிய விலை அந்த 21 சதவீதமே.

ஷார்ப் விகிதம் இத்தகைய குழப்பத்திலிருந்து ஓரளவு காக்கிறது. 1990இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஷார்ப் 1966இல் முன்வைத்த அளவு இது. இடரற்ற முதலீட்டில் கிடைக்கும் வட்டிக்கு மேல் திட்டம் ஈட்டிய கூடுதல் வருவாயைத் திட்ட விலக்கத்தால் வகுப்பார்கள். வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் ஒரே மூன்றாண்டைச் சேர்ந்தவை என்பதே இதன் சிறப்பு. நம் திட்டத்தின் மூன்றாண்டு வருவாய் ஆண்டுக்கு 8 சதவீதம். இடரற்ற வட்டி 6.5 சதவீதம் எனில், கூடுதல் 1.5 சதவீதம். அதை 12ஆல் வகுத்தால் 0.13 கிடைக்கிறது. குறியீட்டின் மூன்றாண்டு வருவாய் 10.6 சதவீதம், கூடுதல் 4.1 சதவீதம். அதை 12.5ஆல் வகுத்தால் 0.33 கிடைக்கிறது. ஏறக்குறைய அதே அலைச்சலைப் பொறுத்துக்கொண்டவருக்குக் குறியீடு இரண்டரை மடங்கு கைம்மாறு தந்திருக்கிறது. ஐந்தாண்டு எண் மறைத்த செய்தியை இந்தச் சிறு தசமப் புள்ளி சொல்லிவிடுகிறது.

இதற்கும் எல்லை உண்டு. மூன்றாண்டுகளில் சந்தை ஒரு முறையும் பெரிதாகச் சரியாதிருந்தால், திட்ட விலக்கம் இயல்பாகவே சிறியதாக இருக்கும். 2019 மார்ச்சில் வந்த தாளைப் படித்தவர் எவரும், அதிலிருந்த இடர் எண்களைக் கொண்டு, அடுத்த ஓராண்டில் நிஃப்டி 26 சதவீதம் சரியும் என்று ஊகித்திருக்க முடியாது. அந்த எண், இதுவரை வண்டி எவ்வளவு குலுங்கியது என்பதைச் சொல்கிறது. வரப்போகும் சாலையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

செய்ய வேண்டியவை

இவ்வளவையும் செய்ய அரை மணி நேரம் போதும். முதலில், தாளில் காட்டப்படும் வருவாய் நேரடித் திட்டத்துக்கு உரியதா, விநியோகஸ்தர் வழித் திட்டத்துக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். வங்கிக் கிளை வழியாக வாங்குபவருக்கு உரியது இரண்டாவது. அதில் தரகுச் செலவு சேர்வதால் வருவாய் சற்றுக் குறைவாக இருக்கும். தாம் வாங்கப்போவது எதுவோ அதன் எண்ணையே படிக்க வேண்டும். அடுத்து, 10,000 ரூபாய்ப் பத்தியில் இரண்டு வகுத்தல்கள் செய்து, வெற்றி எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று கண்டறிய வேண்டும். பிறகு அந்தக் காலத்தை மேலாளரின் தேதியுடன் பொருத்திப் பார்க்க வேண்டும். கடைசியாக, அந்தக் காலத்துத் தாள் ஒன்றைத் தேடியெடுத்து, பங்குகளின் இயல்பும் மொத்தத் தொகையும் திட்ட விலக்கமும் இன்றைய தாளுடன் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் ஒத்துப்போனால், அந்த வருவாய் இன்றைய திட்டத்திற்கு உரியதே. வருங்காலத்திலும் அது தொடரும் என்பதற்கு அப்போதும் உறுதியில்லை. ஆனால் சரியான சான்றைப் பார்த்து முடிவெடுக்கிறோம் என்ற உறுதியாவது உண்டு. ஒத்துப்போகாவிட்டால், மேலாளர் மாறிய நாளிலிருந்து உள்ள எண்களை மட்டும் கொண்டு திட்டத்தைப் புதியதொன்றாகவே மதிப்பிட வேண்டும். அந்தக் குறுகிய காலத்தின் சான்று போதவில்லை என்று தோன்றினால், காத்திருப்பதிலும், செலவு குறைந்த குறியீட்டு நிதியை நாடுவதிலும் தவறில்லை.

தகவல் தாளைத் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு நிதியாண்டின் வருவாயையும் தனித்தனியாகக் குறியீட்டுடன் அச்சிட்டு, இன்றைய மேலாளர் பொறுப்பேற்ற இடத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினால், முதலீட்டாளர் வகுத்தல் கணக்குப் போட வேண்டிய தேவையே இராது. அதுவரை, கிளையில் ஒரு திட்டம் உங்களுக்குப் பரிந்துரைக்கப்படும்போது, இந்த மாதத் தாளுடன் மூன்றாண்டுகளுக்கு முந்திய தாளையும் கேட்டு வாங்குங்கள். கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அதை எடுத்துத் தருவது பரிந்துரைப்பவரின் கடமை.